குமரகத்தில் மூன்று நாள்: காயலின் நேரத்துக்குத் திட்டமிடுங்கள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வரும் மூன்று, நான்கு வாரத்தில் கல்யாண வீடு, வங்கி வேலை, உறவினர் வீடுகள் எல்லாம் போக மிஞ்சுவது ஒரு நீண்ட வார இறுதிதான். அதை அமைதியாகக் கழிக்க ஏரிக்கரை ரிசார்ட் தேடுகிறவர்களுக்குக் கோட்டயத்தை அடுத்த குமரகம் நல்ல தேர்வு. சென்னையில் சாயங்காலம் திருவனந்தபுரம் மெயிலில் ஏறினால் காலையில் கோட்டயம். அங்கிருந்து 15 கிலோமீட்டர் போல. கொச்சி விமான நிலையத்தில் இறங்கினால் காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம். கார்த்திகை முதல் மகர விளக்கு வரை ரயிலும் கோட்டயம் சாலைகளும் ஐயப்ப பக்தர்களால் நிறைந்திருக்கும். ஜனவரி 20க்குப் பிறகு அந்த நெருக்கடி தணிந்துவிடும் என்பதால், குடியரசு நாளை ஒட்டிய விடுமுறையை வைத்தே இங்கே கணக்குப் போடுகிறேன்.

குமரகம் வேம்பநாட்டுக் காயலின் கிழக்குக் கரையில் இருக்கிறது. பகலில் மேற்கே இருந்து கடற்காற்று ஏறும். காலையில் கண்ணாடி போல் கிடக்கும் நீர், மதியம் தாண்டியதும் இந்தக் கரையை நோக்கிச் சிற்றலை அடிக்கும். மிதக்கும் ஆகாயத்தாமரைக் கூட்டத்தையும் அதே காற்று இந்தப் பக்கமே தள்ளிக்கொண்டு வரும். எந்த அறை, எந்தப் படகு, எத்தனை மணிக்கு நடை என்ற மூன்றையும் இதை வைத்து முடிவு செய்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

ஆகாயத்தாமரைக்கு இன்னொரு காரணமும் உண்டு. குமரகத்துக்கு வடக்கே தண்ணீர்முக்கம் என்ற இடத்தில் காயலின் குறுக்கே ஒரு தடுப்பணை இருக்கிறது. காயலை ஒட்டிய குட்டநாட்டு நெல்வயல்களுக்குள் கடலின் உப்பு நீர் ஏறாமல் இருக்க, டிசம்பர் நடுவில் அதன் ஷட்டர்களை இறக்கி, மார்ச் நடுவில் திறப்பது வழக்கம். அறுவடை தள்ளிப்போனால் திறப்பும் தள்ளிப்போகும். மூடியிருக்கும் மாதங்களில் தெற்குப் பக்கத்து நீர் நன்னீராகவே தேங்கி நிற்கும், ஆகாயத்தாமரை தாராளமாக வளரும். ஷட்டர் திறந்து உப்பு நீர் உள்ளே வந்தால்தான் அது வாடி அழியும். ஆகவே ஜனவரியில் வானிலை அருமையாக இருந்தாலும் வாய்க்கால்கள் பச்சைப் பாயாகக் கிடக்க வாய்ப்புண்டு. ஏப்ரலில் நீர் தெளிவாக இருக்கும், ஆனால் வெயில் வாட்டும். குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிப் போவதென்றால் என் ஓட்டு ஜனவரிக்குத்தான். முன்பதிவுக்கு முன் ரிசார்ட்டுக்கு வாட்ஸாப்பில் ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: "இன்று காலை உங்கள் படகுத்துறையை எடுத்த படம் ஒன்று வேண்டும்." விளம்பரப் படத்தில் தெரியாதது அந்தப் படத்தில் தெரிந்துவிடும்.

அறையைப் பொறுத்தவரை, 'லேக் வியூ' என்றால் காயல் எங்காவது கண்ணில் படும் என்று மட்டுமே அர்த்தம். இங்கே பல ரிசார்ட்டுகள் கரையிலிருந்து உள்ளே வெட்டிய வாய்க்கால்களைச் சுற்றிக் கட்டப்பட்டவை. வாசலில் தண்ணீர் இருக்கும், ஆனால் அது வாய்க்கால் தண்ணீர். கொசுவும் அங்கேதான் அதிகம். மேற்கே பார்த்த கரையோர அறை கேட்டால் அந்தி சூரியன் காயலில் இறங்குவதைத் திண்ணையிலிருந்தே பார்க்கலாம். அதோடு, பக்கத்தில் ஹவுஸ்போட் நிறுத்துமிடம் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் என்பதால் ஹவுஸ்போட்டுகள் சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில் கரை ஒதுங்கிவிடும். அதன் பிறகு ஏசிக்காக இரவெல்லாம் ஜெனரேட்டர் ஓடும். அமைதியைத் தேடி வந்தவர்கள் தூக்கம் கெட்டு எழுவது பெரும்பாலும் இதனால்தான்.

வாடகையில் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்; அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 7,770 ஆகும். 7,600 ரூபாய் அறைக்கு 8,968 ஆகும். வாடகையில் 200 ரூபாய் வித்தியாசம், பில்லில் 1,198 ரூபாய் வித்தியாசம். இரண்டு இரவுக்கு 2,396. இரவுச் சாப்பாட்டை அறையோடு சேர்த்து ஒரே தொகையாகப் பதிவு செய்யும்போது அந்தத் தொகை 7,500ஐ எட்டிக் கடந்துவிடக் கூடும். எல்லையை ஒட்டிய அறை என்றால் காலை உணவை மட்டும் சேர்த்துக்கொண்டு, மற்றதை அங்கே போய்த் தனியாக வாங்கிக்கொள்வது லாபம்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கினால் விடுதிக்காரர் அவர்கள் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும். ரிசார்ட்டுகளுக்கு இது அன்றாட வேலை. சிறிய ஹோம்ஸ்டேக்களில் சிலவற்றுக்கு அந்தப் பதிவு வசதியே இருக்காது. வாசலில் வந்து நின்ற பிறகு "வேறு இடம் பாருங்கள்" என்பார்கள். பதிவு செய்யும்போதே குடும்பத்தில் யாருக்கு இந்திய பாஸ்போர்ட், யாருக்கு ஓசிஐ அட்டை என்று எழுதிவிடுங்கள். படகுக்காரரும் இளநீர்க் கடைக்காரரும் ஜிபே கேட்பார்கள். இந்திய எண்ணில் யூபிஐ இல்லாதவர்கள் கோட்டயத்திலேயே பணம் எடுத்து, 100, 200 ரூபாய்த் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

படகு விஷயத்துக்கு வருவோம். இரண்டு மணி நேரம் காயலைப் பார்க்க ஹவுஸ்போட் தேவையே இல்லை. பெரிய படகு அகலமான நீரில்தான் போகும், ஊருக்குள் நுழையாது. காலையில் துடுப்பு வள்ளம், மாலையில் ஷிகாரா எனும் கூரை போட்ட சிறு இன்ஜின் படகு என்று பிரித்துக்கொள்ளுங்கள். வள்ளத்துக்கு நேரம் ஆறரை முதல் எட்டரை வரை. காற்று இருக்காது, இன்ஜின் சத்தம் இருக்காது. வாய்க்காலோரப் படித்துறைகளில் பாத்திரம் கழுவுவதும், மீன்கொத்தி கம்பத்தில் உட்கார்ந்திருப்பதும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஷிகாராவுக்கு நாலரை மணிக்கு மேல் ஏறினால் காற்று தணிய ஆரம்பித்திருக்கும். சூரியன் இறங்குவதையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். மதியம் இரண்டு முதல் நான்கு வரை உள்ள நேரத்தை விட்டுவிடுங்கள். வெயிலும் அலையும் சேர்ந்து குழந்தைகளுக்குக் குமட்டலைத்தான் தரும். ரிசார்ட் இலவசமாகத் தரும் மாலைச் சவாரி எல்லோருக்கும் பொதுவானது, பாட்டுப் பெட்டியோடு வருவதும் உண்டு. தனிப்படகு வேண்டுமானால் விலையைப் படகுக்கு மணிக்கு இவ்வளவு என்று பேசுங்கள், ஆளுக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள்.

ஏறும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு. படகின் பக்கவாட்டில் பதிவு எண்ணும், எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணும் எழுதியிருக்க வேண்டும். பெரியவர்களின் லைஃப் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டி இறுக்கிக் கட்டுவதில் பயனில்லை. ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அது காதைத் தாண்டி ஏறினால் தண்ணீரில் குழந்தை அதிலிருந்து நழுவிவிடும். 2002 ஜூலை 27 அன்று எதிர்க்கரையில் உள்ள முகம்மையிலிருந்து குமரகம் வந்த பயணிகள் படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தது இதே காயலில்தான். அளவுக்கு மீறி ஆள் ஏற்றினால், எத்தனை ரூபாய் கொடுத்திருந்தாலும் இறங்கிவிடுங்கள்.

போகும் வழியில் இன்ஜின் திடீரென்று முனகி, வேகம் குறைந்து, பின்னால் புகை தட்டினால் பயப்பட வேண்டாம். ஆகாயத்தாமரையின் வேர்க்கொத்து புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டது என்று அர்த்தம். படகுக்காரர் இன்ஜினை நிறுத்தி, தூக்கிச் சாய்த்து, கத்தியால் அறுத்து எடுப்பார். சில நிமிட வேலை. அந்த நேரத்தில் வேடிக்கை பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாயக் கூடாது, அவ்வளவுதான். வள்ளத்தில் ஏறும்போது பாட்டி, தாத்தாவை விளிம்பில் கால் வைக்க விடாதீர்கள். கால் நடுவில் படவேண்டும், உடனே உட்கார வேண்டும். படித்துறை இல்லாத கரை என்றால் அவர்களுக்கு ஷிகாராவே சரி.

கிராம நடைக்கு இரண்டாம் நாள் காலையை ஒதுக்குங்கள். கேரள அரசின் பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தில் குமரகம் முதலிலேயே இடம்பிடித்த ஊர்களில் ஒன்று. அதன் அரைநாள் நடைகளில் கயிறு திரிக்கும் வீடு, ஓலை முடையும் வீடு, கள் இறக்குபவர், வீச்சு வலை வீசுபவர் என்று வரிசையாகக் கூட்டிப் போவார்கள். கட்டணத்தில் ஒரு பங்கு அந்த வீட்டுக்காரர்களுக்கே போகிறது. ரிசார்ட் தன் ஆளை வைத்து நடத்தும் நடையில் அப்படிப் போகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வழிகாட்டிகள் தமிழைப் புரிந்துகொள்வார்கள்; மெதுவாகப் பேசினால் போதும்.

ஆனால் என் கணக்கில் இந்த நடையின் உயிர் வயல் வரம்புதான். குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்துக்குக் கீழே, இடத்துக்கு இடம் அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல்கூட, இருக்கின்றன. வெளிவரம்பில் நடந்தால் ஒரு பக்கம் வாய்க்கால் நீர் காலுக்கு அருகில் நிற்கும். மறுபக்கம் நெல் ஆளுயரத்துக்குக் கீழே பச்சையாகத் தெரியும். வள்ளம் நெல்லுக்கு மேலே போவது போல் இருக்கும். வரம்பு ஓரத்துக் கொட்டகையில் 'பெட்டியும் பறையும்' என்ற பம்பைக் காட்டச் சொல்லுங்கள். பறை என்பது வயல் பக்கம் நிற்கும் அகன்ற குழாய். அதற்குள் விசிறி சுழன்று நீரை மேலே தள்ளும். பெட்டி என்பது அந்த நீரை வாய்க்காலில் கொட்டும் நீண்ட மரப்பெட்டி. விதைப்புக்கு முன் வயலை வற்ற வைப்பதும், கசிந்து ஏறும் நீரைத் திரும்ப வெளியேற்றுவதும் இதன் வேலை. ஓடும்போது சத்தம் அதிகம், பக்கத்தில் பெல்ட் சுற்றும். குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வரம்பு களிமண். பனி ஈரத்தில் வழுக்கும், தட்டை அடி செருப்பு ஆகாது. சீக்கிரமே வெயில் ஏறிவிடும், நிழலும் கிடையாது. அதனால் ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடியும்படி இரண்டு, மூன்று கிலோமீட்டர் போதும். வீடுகளுக்குள் போனால் படம் எடுக்கும் முன் கேளுங்கள். குளிக்கும் படித்துறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

மதியச் சாப்பாட்டில் கரிமீன் கேட்பீர்கள். அதை எடைக்குத்தான் விலை போடுவார்கள். பச்சை மீனை முன்னால் கொண்டுவந்து எடை போடச் சொல்லி, மசாலா தடவி வாழையிலையில் சுற்றிப் பொள்ளிக்கும் கூலியும் சேர்த்து எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பிறகு ஆர்டர் செய்யுங்கள்.

மூன்றாம் நாள் அறையைக் காலி செய்யும் முன் இரண்டு மணி நேரம் இருக்கும். அதற்கு இன்னொரு ரிசார்ட் படகு வேண்டாம். குமரகம் படகுத்துறையிலிருந்து மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு காயலைக் குறுக்கே கடந்து முகம்மைக்குப் போகிறது, பஸ் டிக்கெட் அளவு கட்டணம், முக்கால் மணி நேரத்துக்குள் அக்கரை. காலை நேரப் படகில் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய ஏறுவார்கள், அவர்கள் போன பிறகு வரும் படகில் ஏறுங்கள். அடுத்த படகிலேயே திரும்பிவிடலாம். வாய்க்கால் ஆகாயத்தாமரையால் அடைத்துக்கொண்டால் இந்தப் படகும் நிற்கும். முதல் நாளே துறையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.