திருமலையில் இருந்து எழுதிய லண்டன் பரீட்சை

தம்பி மகளின் கலியாணத்துக்கு ஓகஸ்டில் திருகோணமலை போவதற்கு டிக்கெட் எடுத்த பிறகுதான் என் மகளின் மறுபரீட்சைத் திகதி வந்தது. லண்டன் நேரம் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி மூன்று மணித்தியாலம். முழு நேரமும் லப்டொப் கமரா ஓடவேண்டும். கோடையில் லண்டனைவிட ஊர் நாலரை மணித்தியாலம் முந்தி என்பதால், எங்களுக்கு அது மாலை 6.30 முதல் இரவு 9.30 வரை. உப்புவெளியில் அம்மா வீட்டில் வைஃபை இல்லை. போன் டேட்டாவை நம்பித்தான் எழுதவேண்டும்.

பரீட்சைக்கு ஐந்து நாள் முன்னர், டவுணில் ஒரு கொமினிக்கேசன் கடையில் பாஸ்போட்டைக் காட்டி சிம் எடுத்தோம். காலை 11 மணிக்கு வீட்டில் வேகம் பார்த்தால் இறக்கம் 28 எம்பிபிஎஸ், ஏற்றம் 9. "இது காணும் மாமா" என்றான் மருமகன். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் பரீட்சை காலை 11 மணிக்கு இல்லையே. ஊர் முழுக்க வேலை முடிந்து வந்து போனைக் கையில் எடுக்கும் நேரத்தில்தான் அவள் எழுதப்போகிறாள். அன்று மாலை 6.30க்கு லப்டொப்பைப் போனின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து, விண்டோஸின் கட்டளைத் திரையில் இதை ஓடவிட்டோம்:

```
ping -n 600 8.8.8.8
```

கூகிளின் 8.8.8.8 என்ற முகவரிக்குச் செக்கனுக்கு ஒரு சின்னப் பொதியாக 600 தரம் அனுப்பி, ஒவ்வொன்றும் திரும்பி வர எத்தனை மில்லிசெக்கன் எடுத்தது என்று காட்டும். பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். வேகப் பரிசோதனை அரை நிமிடத்து நிலைமையை மட்டும் சொல்கிறது. இதில் இடையிடையே அறுந்து போவதும் தெரியும். பரீட்சைக்குத் தேவையானது அதுதான். கமராப் படம் போக ஒரு எம்பிபிஎஸ் ஏற்றம் கிடைத்தாலே பெரும்பாலும் போதும், ஆனால் அது அறாமல் கிடைக்கவேண்டும்.

முதல் நாள் 600இல் 23 வரவில்லை. எண்ணிக்கையைவிட அவை எப்படி விழுந்தன என்பதைப் பார்க்கவேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக `Request timed out.` வந்தால் பரவாயில்லை, பரீட்சைத் தளம் அதைச் சமாளித்துவிடும். எங்களுக்கோ அந்த வரி ஒன்பது தரம் அடுத்தடுத்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் நாலு செக்கன் காத்திருக்கும். அப்படியென்றால் அரை நிமிடத்துக்கு மேல் இணைப்பே இல்லை. மகள் ஒன்றும் பேசாமல் அந்த ஒன்பது வரிகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் இன்னொரு நிறுவனத்தின் சிம் எடுத்தோம். இங்கே ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். ஏர்டெல் லங்கா 2024இல் டயலொக்குடன் இணைந்துவிட்டது. பெயர் இரண்டு என்று நினைத்து இவை இரண்டையும் வைத்துக்கொண்டால், ஒன்று விழும்போது மற்றதும் விழலாம். ஒன்று டயலொக் என்றால் மற்றது மொபிடெல் அல்லது ஹட்ச் ஆக இருக்கவேண்டும். இரண்டாவது சிம்மில் இரவு வேகம் வெறும் 4 எம்பிபிஎஸ். ஆனால் போனை மேல்மாடி விறாந்தை ஜன்னலில் வைத்து அதே 600ஐ ஓட்டியபோது இரண்டே இரண்டுதான் வரவில்லை, அதுவும் தனித்தனியாக. மருமகனுக்கு நம்பிக்கை வரவில்லை. நான் வேகம் குறைந்த அந்தச் சிம்மையே முதல் இணைப்பாக்கினேன், மற்றதைப் பின்துணையாக வைத்தேன். இரண்டிலும் எந்த நேரமும் பாவிக்கக்கூடிய டேட்டாதான் போட்டோம். சில பக்கேஜில் பாதி டேட்டா நள்ளிரவுக்குப் பிறகுதான் வேலை செய்யும், சிலது குறிப்பிட்ட செயலிகளுக்கு மட்டும். மொத்த ஜிபியைப் பார்த்து ஏமாறக்கூடாது.

மூன்றாம் நாள் ஒத்திகை. பல்கலைக்கழகம் தந்த மாதிரிப் பரீட்சையை மகள் 6.30க்குத் திறந்தாள். பரீட்சை அறைக்குள் போன் இருக்கக்கூடாது என்பது விதி, அதனால் இரண்டு போனும் விறாந்தையில், நடுவில் ஒரு சுவர். ஹொட்ஸ்பொட்டை 2.4 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றினோம். சுவரைத் தாண்ட 5ஐவிட அதுதான் நல்லது.

இருபது நிமிடம் எல்லாம் ஒழுங்கு. அப்புறம் திடீரென்று படம் உறைந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், முதல் இணைப்புப் போனுக்குக் கோல் வந்துகொண்டிருக்கிறது, மேலே 4G என்று இருந்த இடத்தில் E என்று நிற்கிறது. அது லண்டனில் வாங்கிய போன். 4ஜி வலையிலேயே கோல் பேச வைக்கும் VoLTE, ஊர் நிறுவனத்தின் வலையில் அதற்கு வேலை செய்யவில்லை. அப்படியான போனில் கோல் வந்தால், அதை எடுப்பதற்காகப் போன் 4ஜியை விட்டுப் பழைய வலைக்கு இறங்கும், டேட்டா நின்றுவிடும். சத்தத்தை நிறுத்தி வைத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் கோல் போனுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. வலையிலேயே அதைத் திருப்பிவிடவேண்டும். `**21*` என்று அடித்து, என் இலக்கத்தைப் போட்டு, `#` அடித்து அழைத்தோம். எல்லாக் கோலும் எனக்கு வரத் தொடங்கின. அதோடு முதல் இணைப்பின் சிம்மை மருமகன் ஊரில் வாங்கிய போனுக்கு மாற்றினோம். அதில் VoLTE இருந்தது.

ஒத்திகையின் கடைசியில் வேண்டுமென்றே முதல் ஹொட்ஸ்பொட்டை நிறுத்தினேன். லப்டொப் இரண்டாவதைத் தேடுகிறது, பட்டியலில் பெயரே இல்லை. யாரும் இணையாமல் பத்து நிமிடம் கிடந்ததால் அது தானாக அணைந்துவிட்டது! அண்ட்ரொயிட் போனில் `Turn off hotspot automatically` என்று ஒரு தெரிவு இருக்கிறது, அதை நிறுத்தவேண்டும். ஐபோன் என்றால் `Personal Hotspot` திரையைத் திறந்தே வைத்திருக்கவேண்டும். திருத்திய பிறகு மூன்று தரம் மாற்றிப் பார்த்தோம். 15 செக்கனுக்குள் மற்றதில் ஏறியது. சிம் மாறும்போது ஐபி முகவரியும் மாறும், சில தளங்கள் அதைப் புது ஆள் என்று நினைத்து வெளியே தள்ளிவிடும். இதைக் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மகள் மின்னஞ்சல் போட்டாள். திரும்ப உள்ளே வரலாம், விடைகள் சேமிக்கப்பட்டிருக்கும், ஆனால் மணிக்கூடு நிற்காது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை வாசித்த பிறகுதான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

பரீட்சை நாள் 7.50க்குக் கரண்ட் போனது. லப்டொப்பில் பற்றரி நிறைய இருந்தது, போன்கள் பவர்பேங்கில் இருந்தன. அம்மா பேத்தியின் கதவுக்கு வெளியே விசிறியோடு நின்றார், உள்ளே போக விதி விடாது. 8.40 போல முதல் இணைப்பு விழுந்தது. கரண்ட் இல்லாமல் டவரின் பற்றரி தீர்ந்திருக்கலாம். உள்ளே நாற்காலி நகர்ந்த சத்தம், பிறகு விசைப்பலகைச் சத்தம் திரும்பவும் கேட்டது. மாறிவிட்டாள். மற்றச் சிம் 9.30 வரை தாங்கியது, இரண்டு நிமிடம் மிச்சமிருக்க விடைத்தாளை அனுப்பிவிட்டு வெளியே வந்தாள்.

நான் `##21#` அடித்துத் திருப்பிவிட்டதை நீக்கினேன். அடுத்த நிமிடமே மருமகனின் போன் அடித்தது, பெரியம்மா. பிள்ளை எழுதி முடித்துவிட்டாளா என்று கேட்டார்.