ஐசி அறிக்கையில் தேதி தப்பா? ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்ற பதிலை நம்பி 90 நாளைக் கோட்டை விடாதீர்கள்

வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் (போஷ்) கீழ் புகார் கொடுத்தவர்களுக்கும், புகாருக்கு ஆளானவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். உள் புகார்க் குழு, அதாவது ஐசி, தரும் அறிக்கையில் தேதியோ நேரமோ யார் என்ன சொன்னார் என்பதோ தவறாக ஏறிவிடுகிறது. திருத்தச் சொல்லிக் கடிதம் கொடுத்தால் ‘பார்க்கிறோம்’ என்று இழுத்து, அப்பீல் கெடுவையும் தாண்ட விட்டுவிடுகிறார்கள். பிரிவு 16 விசாரணை விவரங்களை வெளியிடத் தடை விதிப்பதால், கீழே வரும் கேஸ்களில் ஆளும் ஊரும் தேதிகளும் மாற்றப்பட்டிருக்கின்றன. தவறு நடந்த விதம் மட்டும் அப்படியே.

ஒரு தனியார் நிறுவனத்தில் ஒரு பெண் 2023 செப்டம்பர் 20 அன்று புகார் கொடுத்தார். கடைசிச் சம்பவம் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். சாட்டை எக்ஸ்போர்ட் செய்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தார். அதில் அந்த வரி இப்படி இருந்தது:

```
7/3/23, 10:42 PM -
```

கமிட்டி இதை நம் ஊர் வழக்கப்படி மார்ச் 7 என்று படித்துவிட்டது. அவருடைய போனில் மொழி அமெரிக்க ஆங்கிலம் என்று இருந்ததால், எக்ஸ்போர்ட்டில் மாதம்தான் முதலில் வரும். உண்மையில் அது ஜூலை 3. பிரிவு 9 படி சம்பவத்திலிருந்து, தொடர் சம்பவங்கள் என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து, மூன்று மாதத்துக்குள் புகார் வர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் கமிட்டி இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். ஜூலை 3 என்றால் புகார் கெடுவுக்குள் சௌகரியமாக விழுகிறது. மார்ச் 7 என்றால் நீட்டிப்பையும் சேர்த்த ஆறு மாதமே செப்டம்பர் 7-ல் முடிந்துபோகிறது. ‘காலம் கடந்த புகார்’ என்று எழுதி மூடிவிட்டார்கள். ஒரு சாய்கோடு எந்தப் பக்கம் படிக்கப்பட்டது என்பதில் மொத்தக் கேஸும் போனது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். அதே பிரிண்டில் 12-க்கு மேற்பட்ட எண் உள்ள வரியைத் தேடினால் `6/28/23` என்று ஒன்று வரும். 28-ஆவது மாதம் கிடையாது, ஆகவே முதல் எண்தான் மாதம். அந்த வரி கமிட்டியிடம் இருந்த அதே காகிதத்தில், இரண்டு பக்கம் முன்னால் இருந்தது.

புகாருக்கு ஆளானவர் பக்கமும் இதே வகைத் தவறு நடக்கிறது. வேறொரு நிறுவனத்தில், அன்று மாலை 6.40-க்கே கிளம்பிவிட்டதாக ஒருவர் சொன்னார். கதவு கார்டுப் பதிவில் `13:10` என்று இருந்தது. ‘மதியம் 1.10-க்கே வெளியே போனதாகப் பதிவு காட்டுகிறது; இவர் சொல்வது நம்பத்தக்கதல்ல’ என்று அறிக்கை எழுதியது. கார்டு சர்வர் இந்திய நேரத்தில் அல்ல, அதைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் பதிவு செய்துகொண்டிருந்தது. அந்த வித்தியாசத்தைக் கூட்டினால் சரியாக மாலை 6.40. அவர் சொன்னதை உறுதி செய்த பதிவே அவரைப் பொய்யராக்கப் பயன்பட்டது. ஐடி பிரிவிடம் ‘இந்தப் பதிவு எந்த நேர மண்டலத்தில் இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

மூன்றாவது வகை, வாக்குமூலம். கேள்வி பதில் தமிழில் நடக்கும், பதிவு ஆங்கிலத்தில் ஏறும். பெரும்பாலும் ஹெச்ஆர் ஜூனியர் ஒருவர் டைப் செய்வார். ‘குரூப்பில் மீட்டிங் லிங்க் அனுப்பினேன், அந்த மெசேஜ் நான் அனுப்பலை’ என்ற பதில், ‘மெசேஜ் அனுப்பியதை ஒப்புக்கொண்டார்’ என்று சுருங்கிவிடும். இதை அறிக்கை வந்த பிறகு சரிசெய்வதைவிட, கையெழுத்துப் போடும் மேஜையிலேயே சரிசெய்வது பல மடங்கு சுலபம். ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள். தவறு இருந்தால் உங்கள் கையெழுத்துக்கு மேலே, உங்கள் கைப்பட, தமிழிலேயே ‘மூன்றாவது கேள்விக்கு நான் சொன்ன பதில் இது’ என்று எழுதி அதன் கீழே கையெழுத்திடுங்கள். ‘அப்புறம் மாத்திக்கலாம், இப்ப சைன் பண்ணுங்க’ என்றால் மாற்றிய பிறகே போடுங்கள்.

திருத்தம் கேட்க உண்மையில் சரியான நேரம் எது என்பதைத்தான் நிறையப் பேரிடம் மறைக்கிறார்கள். இரு தரப்பும் ஊழியர்களாக இருந்தால், கமிட்டி எட்டிய முடிவுகளின் நகலை இருவருக்கும் கொடுத்து, அதை எதிர்த்துக் கமிட்டியிடமே முறையிட வாய்ப்புத் தர வேண்டும் என்று பிரிவு 11(1) சொல்கிறது. அதாவது அறிக்கை நிர்வாகத்துக்குப் போவதற்கு முன்பு. இந்தப் படியைத்தான் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறார்கள். முதல் கேஸில் அந்தப் பெண்ணுக்கு நகல் வரவே இல்லை. நேரே இறுதி அறிக்கைதான் வந்தது. வேறு சில இடங்களில் ‘ரூமுக்கு வந்து படிச்சிட்டுப் போங்க, காப்பி கிடையாது’ என்பார்கள். சட்டம் நகல் என்றுதான் சொல்கிறது. எத்தனை நாளில் முறையிட வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை, ஆகவே ‘நாளைக்குள் சொல்லுங்கள்’ என்றால் ஒரு வாரம் கேட்டு எழுதுங்கள். கடைசி விசாரணை நாளன்றே ‘முடிவுகளின் நகலை எனக்குத் தந்து முறையிட அவகாசம் தர வேண்டும்’ என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். நகல் தராமல் விட்டால், பிற்பாடு அப்பீலில் அந்த மெயிலே முதல் ஆதாரம்.

இனி கடிதம். முதலில் இரண்டைப் பிரியுங்கள். ‘ஜூலை 3-ஐ மார்ச் 7 என்று எழுதியிருக்கிறார்கள்’ என்பது தகவல் பிழை. ‘என் சாட்சியை நம்பவில்லை’ என்பது கமிட்டியின் தீர்மானம். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து, நடுவே கோபத்தையும் சேர்த்து ஆறு பக்கம் எழுதினால், ‘முடிவில் அதிருப்தி, புதிதாக ஒன்றும் இல்லை’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். தகவல் பிழைகளை மட்டும் தனியாக எழுதுங்கள். ஒவ்வொரு பிழைக்கும் பக்கம், பத்தி எண், அறிக்கையில் உள்ள வாக்கியம் ஒரு எழுத்து மாறாமல், சரியான தகவல், அதைக் காட்டும் ஆவணமும் அதன் இணைப்பு எண்ணும், கடைசியாக, இந்தப் பிழை எந்த முடிவைத் தாங்கி நிற்கிறது என்பது. இந்தக் கடைசி விஷயத்தை அனேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் என்ன ஆகும் என்று கீழே வருகிறது. முதல் கேஸில் அந்த வரி இப்படி இருந்திருக்க வேண்டும்: ‘பத்தி 6-இல் உள்ள இந்தத் தேதியை மட்டுமே வைத்துப் பத்தி 19-இல் புகார் காலம் கடந்தது என்று முடிவு செய்யப்பட்டுள்ளது. தேதி திருந்தினால் பத்தி 19 நிற்காது. ஆகவே பத்தி 19-ஐயும் மறுபரிசீலனை செய்து, புகாரின் சாரத்தை விசாரிக்கக் கோருகிறேன்.’

கடிதத்தை ஹெச்ஆருக்கு மட்டும் அனுப்ப வேண்டாம். தலைமை உறுப்பினர், மற்ற உறுப்பினர்கள், குறிப்பாக வெளி உறுப்பினர் என எல்லோருக்கும் போக வேண்டும். அறிக்கையை எழுதிய கையே உங்கள் கடிதத்தையும் வாங்கி வைத்துக்கொண்டால், வெளி உறுப்பினருக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாமல் போகும். கடிதத்தை அறிக்கையின் இணைப்பாகச் சேர்க்கும்படி கேளுங்கள். கமிட்டியையும் நிர்வாகத்தையும் தாண்டி யாருக்கும் சிசி போடாதீர்கள். டீம் குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் போட்டால் பிரிவு 16 உங்கள் மேலேயே திரும்பும். சாட்சி சொன்னது தவறாக ஏறியிருந்தால் அவரைக் கூப்பிட்டுப் பேசாதீர்கள். புகாருக்கு ஆளானவர் பேசினால் சாட்சியை மிரட்டினார் என்று தனிக் குற்றச்சாட்டே வரும். அந்தச் சாட்சியை மறுபடி அழைத்துக் கேட்கும்படி கமிட்டியிடம்தான் எழுத வேண்டும்.

வருகிற பதில்களில் மிக மோசமானது மறுப்புகூட இல்லை, பாதித் திருத்தம். முதல் கேஸில் 2023 டிசம்பர் 15 தேதியிட்ட அறிக்கை 18-ஆம் தேதி கைக்கு வந்தது. 22-ஆம் தேதி அந்தப் பெண் திருத்தம் கேட்டு எழுதினார். ‘உங்கள் கடிதம் கமிட்டியின் பரிசீலனையில் இருக்கிறது’ என்று ஜனவரியில் ஒரு மெயில், பிப்ரவரியில் அதே வாசகத்தோடு இன்னொன்று. 2024 மார்ச் 21-ல் திருத்தக் குறிப்பு வந்தது. பத்தி 6-இல் மார்ச் 7 ஜூலை 3 ஆகியிருந்தது. பத்தி 19-இல் ‘காலம் கடந்த புகார்’ அப்படியே இருந்தது. ‘எழுத்துப் பிழை சரிசெய்யப்பட்டது, முடிவில் மாற்றமில்லை’ என்று கீழே ஒரு வரி.

அதற்குள் பிரிவு 18 படி அப்பீலுக்கு இருந்த 90 நாள் முடிந்திருந்தது. அந்த 90 நாள் கமிட்டியின் பரிந்துரையிலிருந்து ஓடுகிறது. டிசம்பர் 15-இலிருந்து எண்ணினால் மார்ச் 14. திருத்தக் குறிப்பு வந்தது அதற்கு ஒரு வாரம் கழித்து. இது தற்செயலா திட்டமா என்று நாங்கள் சொல்ல மாட்டோம், ஆனால் விளைவு ஒன்றுதான். திருத்தக் கடிதம் கொடுத்தால் அப்பீல் கெடு நிற்கும் என்று பிரிவு 18-இல் எங்கும் இல்லை. தாமதத்தை மன்னிப்பது பற்றியும் அங்கே ஒரு வார்த்தை இல்லை. நிர்வாகம் நடவடிக்கை எடுக்க பிரிவு 13(4) தரும் 60 நாளுக்காகக் காத்திருந்தாலும் உங்கள் கெடுவில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிடும்.

ஆகவே அறிக்கை கையில் கிடைத்த தேதியை விட்டுவிட்டு, அதில் எழுதியிருக்கும் தேதியிலிருந்து எண்ணுங்கள். திருத்தக் கடிதத்துக்கு 15 நாளில் பதில் கேளுங்கள். 45-ஆம் நாள் வரை முழுத் திருத்தம் வரவில்லை என்றால் அப்பீலைத் தயாரிக்க ஆரம்பியுங்கள். அதே பிழைப் பட்டியலை அதில் அப்படியே சேர்க்கலாம். உங்கள் பணி விதிகளில் கோர்ட் அல்லது தீர்ப்பாயம் குறிப்பிட்டிருந்தால் அங்கே போக வேண்டும். இல்லையென்றால் விதி 11 சொல்லும் மேல்முறையீட்டு அதிகாரியிடம். அவர் யார் என்பதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் அலைந்தால் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குத் தள்ளியே நாள் போய்விடும்.

கமிட்டி ‘நிரூபணமாகவில்லை’ என்று மட்டும் எழுதியிருக்க, நிர்வாகத்தின் கடிதத்தில் அது ‘பொய்ப் புகார்’ ஆகிவிட்டால், புகார்தாரர் அதையும் தகவல் பிழையாகவே பட்டியலில் சேர்க்கலாம். நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே பொய்ப் புகார் ஆகாது என்று பிரிவு 14 நேராகவே சொல்கிறது.

புகாருக்கு ஆளாகி சஸ்பெண்ட் ஆனவர்களுக்கு ஒன்று: ஆபீஸ் மெயில் எந்த நிமிடமும் மூடப்படும். திருத்தக் கடிதத்தைச் சொந்த மெயிலிலிருந்து அனுப்புங்கள், ஒரு பிரதியை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி டெலிவரி விவரத்தைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள்.