சிம்னிக்குத் தனி சாக்கெட்: அடுப்போரம் ஏறும் ஒயரா, மேலே சுற்றி வரும் ஒயரா?

சமையலறைச் சிம்னி வாங்கும்போது உறிஞ்சும் திறனைப் பார்க்கிறோம், சத்தம் எவ்வளவு என்று கேட்கிறோம். மாட்ட வருகிறவர் "பிளக் எங்கே இருக்கு?" என்று கேட்ட பிறகுதான் மின்சாரம் நினைவுக்கு வருகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கிற சாக்கெட்டே போதும் என்று தோன்றும். என் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. மேடைமேல் மிக்ஸிக்கு வைத்த சாக்கெட்டில் சிம்னியின் பிளக்கைச் செருகினோம். சுத்தம் செய்வதற்காக இரண்டு வருடம் கழித்து ஒருநாள் பிளக்கை உருவியபோது, பவர் கார்டு வளைந்த வடிவத்திலேயே விறைத்து நின்றது. அடுப்பைப் பார்த்த பக்கம் பழுப்பாகி, மெல்ல வளைத்ததும் மேலுறையில் மயிரிழைபோல விரிசல் ஓடியது. மறுபக்கம் இன்னும் மெத்தென்றே இருந்தது.

கூடுதல் லோடால் சூடாகியிருந்தால் கார்டு சுற்றளவு முழுக்க ஒரே மாதிரி கெட்டிருக்கும். இங்கே ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தது, அதனால் சூடு வெளியிலிருந்து வந்தது என்று புரிந்தது. சிம்னி இழுப்பது மிகக் கொஞ்சம். 200 வாட் மோட்டாரும் சின்ன விளக்குகளும் சேர்ந்தால் 230 வோல்ட்டில் சுமார் 1 ஆம்பியர். அந்த அளவு கரண்ட் எந்த ஒயரையும் சூடாக்காது. ஆகவே "அடுப்பு கிட்ட போகுது, எதுக்கும் 4 ஸ்கொயர் ஒயர் போட்டுடலாம்" என்பதில் பயனில்லை. ஸ்கொயர் என்பது ஒயருக்குள் இருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். ஒயரைத் தடிப்பாக்கினால் அதன் உள்சூடு குறையும், அடுப்பிலிருந்து வரும் சூடு குறையாது. வீட்டு ஒயரின் பிவிசி உறை 70 டிகிரி வரைக்குமானது. அந்த எல்லையை ஒட்டியே வைத்திருந்தால், ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் உறையின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது ஒரு பொதுக் கணக்கு. எண்ணெய்ப் புகையும் சேர்ந்தால் பிவிசியை மென்மையாக வைத்திருக்கும் பொருள் வெளியேறி, உறை இன்னும் சீக்கிரம் விறைக்கும்.

இதில் பலரும் ஏமாறுவது 'எஃப்ஆர்' என்ற எழுத்தைப் பார்த்து. எஃப்ஆர் ஒயர் சூட்டைத் தாங்கும் என்று நினைத்து அடுப்புக்குப் பின்னாலேயே இழுத்துவிடுகிறார்கள். தீப்பிடித்தால் அது ஒயர் வழியே பரவாது என்பதுதான் அந்த எழுத்துக்கு அர்த்தம். வழக்கமான பிவிசி எஃப்ஆர் ஒயருக்கும் எல்லை அதே 70 டிகிரிதான். 180 டிகிரி தாங்கும் சிலிகான் உறை ஒயர் இருக்கிறது. ஆனால் சுவருக்குள் கொஞ்சம் தள்ளிப் போட்டாலே அந்தச் சூடு வராது என்னும்போது அதைத் தேட வேண்டியதில்லை.

சரி, ஒயர் போகும் வழிகளை ஒப்பிடுவோம். கையில் அளவுகள் இருந்தால் பேச்சு தெளிவாகும், அதனால் ஒரு சமையலறையை எடுத்துக்கொள்கிறேன். தரையிலிருந்து மேடை 85 செ.மீ., பர்னரின் தலை 95. சிம்னியின் அடி பர்னருக்கு மேலே 70 செ.மீ. விட்டு 165-இல் நிற்கிறது. கேஸ் அடுப்புக்கு 65-க்குக் கீழே இறக்கக் கூடாது என்பது பொது விதி, உங்கள் மாடலின் கையேடு அதைவிட அதிகம் கேட்டால் அதையே பின்பற்றுங்கள். சிம்னியின் அகலம் 60. ஏற்கெனவே இருக்கும் ஸ்விட்ச் போர்டு, அடுப்பின் நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் 110 செ.மீ. தள்ளி, 130 செ.மீ. உயரத்தில் இருக்கிறது.

முதல் வழி நேர்வழி. போர்டிலிருந்து கிடைமட்டமாக 110 செ.மீ. வந்து, அடுப்புக்கு நேர் பின்னால் 75 செ.மீ. ஏறி, சிம்னிக்குப் பின்னால் 205 உயரத்தில் சாக்கெட். மொத்தம் 1.85 மீட்டர். இரண்டாவது, போர்டிலிருந்து நேராக 250 வரை ஏறி, அங்கே 65 செ.மீ. கிடைமட்டமாக வந்து, நடுக்கோட்டுக்கு 45 செ.மீ. முன்னதாகவே நின்று, 45 செ.மீ. இறங்கி அதே 205-இல் சாக்கெட். மொத்தம் 2.30 மீட்டர். ஆக, நேர்வழியில் போனால் மிச்சமாவது அரை மீட்டர் ஒயர்கூட இல்லை.

அந்த மிச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை சூடு மட்டுமல்ல. சிம்னியை மாட்டுகிறவர் சுவரில் ஆங்கர் போல்ட்டுக்குத் துளை போடுவது அதன் உடலுக்கும் புகைக்குழாயை மறைக்கும் டக்ட் மூடிக்கும் பின்னால், ஏறக்குறைய நடுக்கோட்டின் இரு பக்கமும். நேர்வழி ஒயர் அதே இடத்தில் பூச்சுக்குள் ஒளிந்திருக்கும். டிரில் ஒயரைத் தொட்ட உடனே பிரேக்கர் விழுந்தால் நல்லது, அப்போதே தெரிந்துவிடும். உறையை மட்டும் சீவிவிட்டு, போல்ட் அதன்மேல் உட்கார்ந்துகொண்டால்தான் ஆபத்து. எர்த் சரியில்லாத வீட்டில் சிம்னியின் உலோக உடம்பு முழுக்க மின்சாரம் ஏறி நிற்கும். மேல்வழியில் இந்தச் சிக்கல் வராது. 250 உயரம், சிம்னியும் பக்கத்து அலமாரியும் தொங்கும் துளைகளுக்கு எல்லாம் மேலே இருக்கிறது. செங்குத்தான இரண்டு துண்டுகளும் கண்ணுக்குத் தெரியும் போர்டுக்கும் சாக்கெட்டுக்கும் நேர் மேலே போகின்றன. பத்து வருடம் கழித்து டிரில் பிடிக்கிற யாருக்கும் ஒயர் எங்கே ஓடும் என்று ஊகிக்க முடியும். சாய்வாகக் குறுக்கே இழுத்த ஒயரில் அந்த ஊகத்துக்கு வழியே கிடையாது, ஆகவே அதை எண்ணவே வேண்டாம்.

சாக்கெட்டை டக்ட் மூடிக்குள் ஒளித்து வைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மூடியைக் கழற்றாமல் பிளக்கைத் தொட முடியாது. சாக்கெட்டில் தளர்ந்த பிடிப்போ கருகிய தடமோ இருந்தாலும் யாருக்கும் தெரியாது. பக்கத்து அலமாரியின் மேல்தட்டுக்குள் வைத்தால் கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும், எண்ணெய்ப் புகையும் அவ்வளவாகப் படியாது. என் வாக்கு அலமாரிக்குத்தான். பவர் கார்டின் நீளத்தை மட்டும் முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். நம் உதாரணத்தில் கார்டு சிம்னியின் தலையில் 190 உயரத்தில் வெளியே வருகிறது. அங்கிருந்து 15 ஏறி 45 பக்கவாட்டில் போனால் 60 செ.மீ. ஆகிறது. கார்டு 1 மீட்டர் இருந்தாலே தொய்வுக்கும் மிச்சம் இருக்கும். அலமாரிப் பலகையில் கார்டு நுழையும் துளைக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டுவிடுங்கள்.

அப்புறம் ஃபியூஸ். மேடை சாக்கெட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் 16 ஆம்பியர் பிரேக்கர், அதாவது எம்சிபி, இருக்கும். எம்சிபி தன் அளவைத் தாண்டிய உடனே விழுவதில்லை. 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. அதாவது 23 ஆம்பியரை அது ஒரு மணி நேரம் வரை பொறுத்துக்கொள்ளலாம். சிம்னியோடு வரும் மெல்லிய கார்டு பெரும்பாலும் 0.75 ஸ்கொயர், தாங்குவது 6 ஆம்பியர். விரிசல் விட்ட கார்டில் முழு ஷார்ட் ஆனால் 16 ஆம்பியர் எம்சிபியும் விழும், அதற்குப் பதில் 6 ஆம்பியர் வைத்திருந்தாலும் விழும், வித்தியாசமில்லை. பாதி ஷார்ட்டாகக் கசிந்து 15, 20 ஆம்பியர் ஓடினால்தான் சிக்கல். 16-க்கு அது ஒரு பொருட்டே இல்லை, கார்டு உருகத் தொடங்கிவிடும். 6 ஆம்பியர் எம்சிபி அந்த இடத்தில் சீக்கிரமே விழும்.

6-க்கும் ஒரு குறை உண்டு. விசிறியில் எண்ணெய்ப் பிசின் ஏறி மோட்டார் சுற்றாமல் நின்றால், அது இழுப்பது 4, 5 ஆம்பியராக இருக்கலாம். மோட்டாருக்குள் இருக்கும் வெப்பக் கட்அவுட் வேலை செய்தால் சரி, செய்யாவிட்டால் 6 ஆம்பியர் எம்சிபி வேடிக்கைதான் பார்க்கும். அந்த இடைவெளியை ஓரளவு அடைப்பது சாக்கெட்டுக்கு முன்னால் வைக்கும் ஒரு 3 ஆம்பியர் கார்ட்ரிட்ஜ் ஃபியூஸ். மோட்டார் கிளம்பும் கணத்தில் கரண்ட் எகிறும், அதனால் மெதுவாக எரியும் டைம் டிலே வகை வேண்டும். வேகமாக எரியும் வகையைப் போட்டால் காரணமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் போட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் அதன் பழமை அல்ல. 5 ஆம்பியர் கம்பி கட்டினாலும் அது எரிய ஏறக்குறைய இரு மடங்கு கரண்ட் வேண்டும். ஒருமுறை எரிந்த பிறகு அடுத்த ஆள் எந்தக் கம்பியைச் சுற்றுவார் என்பதும் தெரியாது. சுத்தம் செய்யச் சூடேற்றும் கம்பி உள்ள மாடலாக இருந்தால், பெயர்ப்பலகையில் உள்ள மொத்த வாட்டைப் பார்த்துவிட்டு ஃபியூஸ் அளவை முடிவு செய்யுங்கள்.

இனி, லைனை வீட்டின் பிரேக்கர்கள் எல்லாம் இருக்கும் டிபி பாக்ஸிலிருந்தே தனியாகக் கொண்டு வருவதா, பக்கத்துப் போர்டிலிருந்து கிளை எடுத்து வழியில் அந்த 3 ஆம்பியர் ஃபியூஸை வைப்பதா? வீடு கட்டும்போதோ சுவரை உடைத்து வேலை நடக்கும்போதோ என்றால் தனி லைன்தான். 1.5 ஸ்கொயரில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் புதிதாக வரட்டும், டிபியில் 6 ஆம்பியர் எம்சிபி இருக்கட்டும். நியூட்ரலை வேறு லைனோடு பகிரக் கூடாது. சிம்னியைக் கழற்றும் நாளில் சமையலறை முழுவதையும் இருட்டாக்காமல் இதை மட்டும் அணைக்கலாம் என்பது பெரிய வசதி. குடியிருக்கும் வீட்டில் டிபி தூரமாக இருந்தால் ஃபியூஸ் வைத்த கிளையே போதும். 1 ஆம்பியருக்காக ஹால் சுவரை எல்லாம் வெட்ட வேண்டாம். கிளை ஒயரும் 1.5 ஸ்கொயருக்குக் குறையாமல் இருக்கட்டும், ஃபியூஸ் கிளை தொடங்கும் இடத்திலேயே இருக்கட்டும். இரண்டில் எதுவானாலும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபிக்குக் கீழே வர வேண்டும், ஏனென்றால் ஈரக் கையோடு தொடும் உலோகப் பெட்டி இது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை. எண்ணெய் படியும் இடத்தில் நிரந்தரமாகத் தொங்கவிடும் பொருள் அல்ல அது.

இணைப்பு வேலையை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஆனால் வழி எப்படி இருக்க வேண்டும் என்று பென்சிலால் சுவரில் நீங்களே வரைந்து கொடுங்கள். சுவரை வெட்டும் முன்பே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். எல்லா பர்னரையும் எரியவிட்டு இருபது நிமிடம் வழக்கம்போல் சமையுங்கள். அடுப்பை அணைத்த கையோடு, பென்சில் கோடு போகும் இடங்களில் உள்ளங்கையை வையுங்கள். ஐந்து வினாடி வசதியாக வைத்திருக்க முடியாத இடம் சுமார் 55 டிகிரியைத் தாண்டியிருக்கும், அங்கே கோட்டை அழித்துவிட்டு இன்னும் தள்ளி வரையுங்கள். பைப் புதைத்த பிறகு, பூச்சு மூடும் முன், அளவுநாடாவை சுவரில் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்துவையுங்கள். சிம்னி மாட்டுகிறவர் டிரில்லை எடுக்கும்போது அந்தப் படத்தைத்தான் அவரிடம் காட்ட வேண்டும்.