கம்பஸ் ஆட்சேர்ப்பை முகவரிடம் கொடுக்கும் கிழக்கு மாகாணக் கம்பனிகளுக்கு

மட்டக்களப்பில் நடுத்தர அளவிலான ஒரு கம்பனியில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். இந்த முறை எங்களுக்குப் புதிதாக 12 பேர் தேவைப்பட்டார்கள். கணக்குப் பிரிவுக்கு 5, மென்பொருளுக்கு 3, களவேலைக்கு 4. கல்லூரிகளைத் தெரிவு செய்வதிலிருந்து நியமனக் கடிதம் கொடுப்பது வரை எல்லாவற்றையும் தானே செய்து தருவதாக ஒரு முகவர் வந்தார். பணிப்பாளரோடு ஒப்பந்தமும் போட்டுக்கொண்டார்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரிதான் எல்லாவற்றுக்கும் வேர். ஒருவருக்கு இவ்வளவு என்று கட்டணம். அதை மாணவர் கடிதத்தை ஏற்றுக் கையெழுத்து வைத்த உடனேயே கொடுக்க வேண்டும். வேலைக்கு வந்து சேர்கிறாரா, தகுதிகாண் காலம் முடியும் வரை நிற்கிறாரா என்பதெல்லாம் அவருக்குக் கவலையில்லை. கையெழுத்து விழுந்தால் காசு. அப்புறம் யாரைத் தெரிவு செய்தால் என்ன?

அவர் கொடுத்த கல்லூரிப் பட்டியல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், கணக்கியல் உயர் டிப்ளோமாவுக்கு கோவில்குளம் உயர் தொழில்நுட்ப நிறுவனம். ஆனால் வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை பட்டியலிலேயே இல்லாத ஒரு தனியார் பாடநெறி நிலையத்தின் மாணவர்களுடையவை. அந்த நிலையத்துக்கு மாணவர் சேர்த்துக் கொடுப்பதும் இவர்தான் என்று பிறகு தெரிந்தது. பல்கலைக்கழகங்களின் தொழில் வழிகாட்டல் பிரிவுகளோடு பேசினால், எங்கள் கம்பனி பெயரில் அவர்களுக்கு ஒரு கடிதம்கூடப் போயிருக்கவில்லை.

அவருடைய அறிக்கையில் இன்னொன்று இருந்தது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞான மாணவர்களை ஒலுவில் வளாகத்தில், அவர்கள் வகுப்பறையிலேயே வைத்து நேர்முகம் செய்ததாக எழுதியிருந்தார். அந்தப் பாடம் இருக்கும் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. அங்கே ஒரு தரம் போய் வந்தவர்கூட இப்படி எழுத மாட்டார்.

மென்பொருளுக்கென்று அவர் தந்தவர்களில் சிலர் இன்னும் மூன்றாம் வருடத்தில் படிப்பவர்கள். "பட்டம் முடித்தவர்கள்" என்று போட்டிருந்தார். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய விசாரணை தேவையில்லை, மாணவரின் பதிவு இலக்கத்தைக் கேட்டாலே போதும். எந்தக் கல்வியாண்டில் சேர்ந்தவர் என்பது அதிலேயே இருக்கும். உண்மையில் கடைசிப் பரீட்சையை எழுதி முடித்தவர்களுக்கும் பெறுபேறு வரச் சில மாதங்கள் ஆகலாம். ஆகவே "பெறுபேறு வெளியானதும் உறுதிசெய்யப்படும்" என்ற நிபந்தனையோடுதான் கடிதம் கொடுக்க வேண்டும். அவர் கொடுத்த கடிதங்களில் அந்த நிபந்தனை இல்லை.

மோசமானது கடிதம் கொடுத்த விதம். 12 இடத்துக்கு முதலில் 12 கடிதம்தான் போக வேண்டும். காத்திருப்புப் பட்டியல் ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு, பதில் சொல்லத் தந்த காலம் முடிந்ததும் மறுத்தவர்களின் இடத்துக்கு அடுத்தவரை அழைப்போம். கணக்குப் பிரிவில் ஒருவர் மறுத்தால் கணக்குப் பட்டியலில் இருந்துதான் அடுத்தவர் வருவார். இவரோ காத்திருப்பில் இருந்தவர்களையும் சேர்த்து 19 பேருக்கு ஒரே நாளில் எங்கள் கடிதத்தலைப்பில் அனுப்பிவிட்டார். 17 பேர் கையெழுத்து வைத்துவிட்டார்கள். 17 பேருக்கும் கட்டணக் கணக்கு வந்தது.

விஷயம் வெளியே வந்தது வாழைச்சேனையிலிருந்து ஒரு தகப்பன் அலுவலகத்துக்கு எடுத்த அழைப்பால். "தம்பி, மகளுக்கு வேலை உறுதியெண்டு கடிதம் வந்திருக்கு. ஃபைலுக்கெண்டு கட்டின 2,500 ரூபா முதல் சம்பளத்தோட திரும்பக் கிடைக்கும்தானே?" என்று கேட்டார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேர்முகத்துக்கு வந்த பலரிடமும் எங்கள் பெயரைச் சொல்லி அந்த ஆள் காசு வாங்கியிருக்கிறார், பற்றுச்சீட்டும் இல்லாமல்.

17 பேரையும் நாங்களே அழைத்துப் பேசினோம். தகுதியும் பெறுபேறும் சரியாக இருந்தவர்களை எடுத்தோம், மற்றவர்களுக்கு எழுத்தில் காரணம் சொன்னோம். சிலர் அழுதார்கள், ஒருவர் திட்டினார். திட்டியவர் சொன்னதில் பிழையில்லை, அந்தக் கடிதத்தை நம்பி இருந்த வேலையை விட்டிருந்தார். கட்டணத்தை நிறுத்திவிட்டு பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்.

இப்போது நாங்கள் போடும் ஒப்பந்தம் வேறு மாதிரி. முகவருக்குப் பாதிக் கட்டணம் ஆள் வேலைக்குச் சேர்ந்த பிறகு, மீதி தகுதிகாண் காலம் முடிந்த பிறகு. கடிதத்தலைப்பு அவர் கைக்குப் போகாது, கடிதம் எங்கள் அலுவலகத்திலிருந்து மட்டுமே போகும். பல்கலைக்கழகத்தோடு பேசுவதும் நாங்கள்தான். இதற்கு ஒத்துக்கொள்ளாத முகவரை அந்த இடத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

வேலை தேடும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நேர்முகத்துக்கோ ஃபைலுக்கோ யாராவது காசு கேட்டால் கொடுக்காமல், அந்தக் கம்பனிக்கே நேரடியாக அழைத்துக் கேளுங்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் அந்த வட்ஸ்அப் செய்திகளையும் வங்கிச் சீட்டையும் அழிக்காமல் வைத்திருங்கள், முறைப்பாட்டுக்கு அவைதான் வேண்டும்.