நிலாவாரைப் பொடியா, விளக்கெண்ணெயா?

யாங்கோனில் நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் மலச்சிக்கலுக்கு இந்த இரண்டில் ஒன்றை எடுக்கிறார்கள். விளக்கெண்ணெய் 2 முதல் 6 மணி நேரத்தில் வேலை செய்யும். நிலாவாரைக்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். சிக்கல் இங்கேதான்: இரவு 8 மணிக்கு ஒரு கரண்டி பொடி, 11 மணி வரை அசைவில்லை என்று இன்னொரு கரண்டி. விடியும்போது இரண்டும் சேர்ந்து வயிற்றை முறுக்கி, தண்ணீராகப் போகும். பொடியின் வீரியமும் பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும்.

எப்போதாவது ஒருமுறை என்றால், அளவு குறித்த நிலாவாரை மாத்திரைதான் என் தேர்வு. விளக்கெண்ணெய் கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது, கருப்பையைச் சுருங்க வைக்கும். எதையும் ஒரு வாரத்துக்கு மேல் தாமாகத் தொடர வேண்டாம். பொட்டாசியம் குறைந்துவிடும், நீர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். தசைப்பிடிப்பு, சோர்வு வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.