இரண்டு மாத இன்டர்ன்ஷிப்: ஹாஸ்டல் கட்டிலைப் பிடித்து வைப்பதா, காலி செய்வதா?

சென்னையில் மூன்று பேர் தங்கும் அறையில் எனக்கு ஒரு கட்டில். சாப்பாட்டோடு மாதம் 7,500 ரூபாய், ஒரு மாத அட்வான்ஸ். மே நடுவிலிருந்து ஜூலை நடு வரை பெங்களூருவில் இன்டர்ன்ஷிப் கிடைத்தபோது மூன்று வழிகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முழு வாடகையும் கட்டினால் 15,000 ரூபாய். பெங்களூருவிலும் வாடகை கொடுக்க வேண்டியிருந்ததால் அது முடியாது.

காலி செய்தால் பராமரிப்புச் செலவென்று அட்வான்ஸில் 1,000 பிடிப்பார்கள், சாமான் ஏற்றி இறக்க ஒரு 1,000 ஆகும். பணத்தைப் பார்த்தால் இதுதான் மலிவு. ஆனால் ஜூன், ஜூலையில் கல்லூரி சேர்க்கைக் கூட்டம் வந்துவிடும். திரும்பும்போது அதே விலைக்குக் கட்டில் கிடைப்பது கஷ்டம்.

மூன்றாவது, பேசிக் குறைப்பது. "பாதி வாடகை தர்றேன்" என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்புதான் வரும். நாம் இல்லாததால் அவர்களுக்கு மிச்சமாவது சாப்பாட்டுச் செலவு. அதனால் ஹாஸ்டல் நடத்துபவரிடம் "மெஸ் பணத்தைக் கழிச்சுக்கலாமா அண்ணா?" என்று கேட்டேன். மாதம் 3,000 கழித்தார். இரண்டு மாதத்துக்கு 9,000. எனக்கு இதுதான் சரியாகப் பட்டது.

ஆனால் வாய்ப்பேச்சோடு விட்டதுதான் தவறு. ஜூன் கடைசியில் அறைத்தோழி கூப்பிட்டு, என் கட்டிலில் வேறொரு பெண் இருப்பதாகச் சொன்னாள். பத்து நாள் தங்க வந்தவளாம். என் வாடகையும் போனது, அதே கட்டிலுக்கு ஹாஸ்டல்காரர்களுக்கு இன்னொரு வாடகையும் வந்தது. கேட்டதற்கு, "நீங்கதான் இல்லையே" என்றார்கள்.

இன்று கேட்பதாக இருந்தால் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புவேன்: "அண்ணா, மே 15 முதல் ஜூலை 15 வரை ஊரில் இருக்க மாட்டேன். இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டிலை எனக்கே வைக்கணும். மாதம் 4,500 தர்றேன். நடுவில் யாரையும் தங்க வைத்தால் அந்த நாட்களுக்கான பணத்தைக் கழிச்சுக்கணும். சரின்னா பதில் போடுங்க." அந்தப் பதில்தான் நம் கையில் இருக்கும் சான்று. பணத்தையும் மாதாமாதம் அனுப்பலாம், மொத்தமாக முன்கூட்டியே தரவேண்டாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மே மாதம் ஹாஸ்டல் எப்படியும் பாதி காலிதான். பெட்டியை அறைத்தோழியிடம் விட்டுவிட்டு, ஜூன் 15 முதல் மட்டும் கட்டிலுக்குப் பணம் கட்டுவதாகக் கேட்டுப் பார்க்கலாம். ஒப்புக்கொண்டால் 4,500-இல் முடிந்துவிடும்.

தனி அறையோ வீடோ வாடகைக்கு எடுத்தவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே கழிக்க மெஸ் இல்லை, வீட்டுக்காரருக்கு எதுவும் மிச்சமாவதில்லை. அவரிடம் வாடகைக் குறைப்பு கேட்பதைவிட, "ரெண்டு மாசம் என் ஃப்ரெண்ட் தங்கிக்கட்டுமா சார்?" என்று கேட்பது நடக்கும் காரியம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் உள்வாடகைக்கு விட முடியாது. அதனால் தோழியின் பெயர், தேதிகளோடு அவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்ட பிறகே சாவியைக் கொடுங்கள்.