வெறும் ஸ்கேனா, மருந்து ஏற்றிய ஸ்கேனா? மூளை எம்.ஆர்.ஐ.யில் காடோலினியத்தின் பங்கு

இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவருக்கு வாழ்நாளில் முதன்முறையாக வலிப்பு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, கை கால்களில் பலவீனமும் இல்லை. முதலில் எடுத்த சாதாரண எம்.ஆர்.ஐ.யில், வலது மேற்பக்க மூளையின் வெண்பகுதிக்குள் விரல்களை விரித்தாற்போல் நீர் கோத்திருப்பது, வீக்கத்தை வெண்மையாகக் காட்டும் ஃப்ளேர் வகைப் படத்தில் தெரிகிறது. வீக்கத்தின் நடுவே ஏதோ ஒரு சிறு பொருள் இருப்பதும் புலப்படுகிறது. ஆனால் அதன் எல்லை எது, வீக்கம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி மீண்டும் படமெடுக்கலாமா என்ற கேள்வி இந்த இடத்தில்தான் எழுகிறது.

அந்தக் கான்ட்ராஸ்ட் மருந்தில் இருக்கும் உலோகமான காடோலினியம் சாயம் அல்ல. அது தானாக ஒளிர்வதும் இல்லை. இணைசேராத ஏழு எலக்ட்ரான்களைக் கொண்ட அந்த உலோக அயனி, அருகிலுள்ள நீர் மூலக்கூறுகளின் புரோட்டான்கள் விரைவில் பழைய நிலைக்குத் திரும்பும்படி செய்வதால், அது தேங்கும் இடம் டி1 என்னும் வகைப் படத்தில் வெண்மையாகத் தெரிகிறது. நலமான மூளையில் இரத்த நுண்நாளங்களின் சுவர் இறுக்கமாக மூடியிருப்பதால் மருந்து நாளத்துக்குள்ளேயே ஓடிக் கழிந்துவிடும். தொற்றோ, அழற்சியோ, கட்டியின் புதுநாளங்களோ, வேறு பாதிப்போ அந்தத் தடுப்பைக் குலைத்திருந்தால் மட்டுமே அது திசுவுக்குள் கசியும். ஆகவே கான்ட்ராஸ்ட் படம் சொல்லும் முதன்மையான செய்தி, ‘இங்கே தடுப்பு உடைந்திருக்கிறது’ என்பதே. ‘இது புற்றுநோய்’ என்பதல்ல. பிட்யூட்டரி சுரப்பி, பீனியல் சுரப்பி, மூளை நீரறைகளிலுள்ள கோராய்டு பின்னல் ஆகியவற்றில் இயல்பாகவே இந்தத் தடுப்பு இல்லாததால், அவை எல்லோருக்கும் ஒளிரும். பயிற்சியின் தொடக்கத்தில் இவற்றை நோயென்று குறித்துத் திருத்தப்படாதவர்கள் குறைவு.

வழக்கமான அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.1 மில்லிமோல். 60 கிலோ எடையுள்ளவருக்கு, பெரும்பாலான மருந்துகளில் இது 12 மில்லிலிட்டர். இருமடங்கு செறிவுள்ள காடோபியூட்ரால் போன்றவற்றில் 6 மில்லிலிட்டர். ஏற்றியவுடன் அவசரப்பட்டுப் படமெடுத்தால் மெல்லக் கசியும் சிறு பாதிப்புகள் தப்பிவிடும் என்பதால், ஏறத்தாழ ஐந்து நிமிடமாவது இடைவெளி விடுவது நல்லது. அதைவிட முக்கியமானது, மருந்துக்கு முந்தைய டி1 படம். சில நாள் பழைய இரத்தக்கசிவும், கொழுப்பும், மெலனினும் மருந்து இல்லாமலேயே டி1 படத்தில் வெண்மையாக இருக்கும். முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர், அந்த வெண்மையை ஒளிர்வு என்று எழுதிவிடுவார்.

இதனால் சாதாரண எம்.ஆர்.ஐ. இரண்டாந்தரமானது என்று எண்ணக்கூடாது. புதிய பக்கவாதத்தைக் கண்டறிய, திசுவில் நீரின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் படமே போதும். நுண்ணிய இரத்தக்கசிவுகளையும் சுண்ணப் படிவையும் காட்டுவது காந்தவேறுபாட்டுப் படம். நெடுநாள் வலிப்பில் ஹிப்போகாம்பஸ் என்னும் நினைவுப் பகுதி சுருங்கியிருப்பதைக் காட்டுபவை டி2, ஃப்ளேர் படங்கள். இவற்றில் காடோலினியம் கூட்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. தொற்று, கட்டி, மெனிஞ்சஸ் என்னும் மூளையுறையின் நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் தற்போது கனன்றுகொண்டிருக்கும் திட்டுக்களைப் பழையவற்றிலிருந்து பிரிப்பது ஆகியவற்றில்தான் அதன் இடம் உறுதியானது. நம் இளைஞர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்.

மருந்து ஏற்றியபின் அவருடைய படத்தில், சாம்பல்பகுதியும் வெண்பகுதியும் சந்திக்கும் எல்லையில், 9 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையம் தெளிவாகத் தெரிகிறது. சுவர் மெல்லியதாகவும் சீராகவும் இருக்கிறது. வளையத்துக்குள், நடுவில் அல்லாமல் ஓரமாக, ஒரு சிறு புள்ளி. இந்தியாவில் இந்தத் தோற்றத்தைக் கண்டதும் இரண்டு பெயர்கள் எதிரெதிரே வந்து நிற்கும்: பன்றி நாடாப்புழுவின் இளம்பருவத்தால் உண்டாகும் சிஸ்டிசெர்கோசிஸ், காசநோயால் உண்டாகும் டியூபர்குலோமா. ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிட்டால், தேவையே இல்லாத ஒருவர் பல மாதங்கள் காசநோய் மருந்து சாப்பிட நேரும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் 1990களின் தொடக்கத்தில் சி.டி. படங்களைக் கொண்டு வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. வளையம் 20 மில்லிமீட்டருக்கு மிகாமலும், வெளிக்கோடு ஒழுங்காகவும், மூளையின் நடுக்கோடு விலகாமலும், நரம்புக் குறைபாடு நாளுக்கு நாள் கூடாமலும் இருந்தால், சிஸ்டிசெர்கஸ் என்ற பக்கமே தராசு சாயும். 20 மில்லிமீட்டரைத் தாண்டிய, ஒழுங்கற்ற, பல வளையங்கள் ஒட்டிக்கொண்ட தோற்றம் டியூபர்குலோமாவை நினைவூட்டும்; திடமான டியூபர்குலோமாவின் உட்பகுதி டி2 படத்தில் பெரும்பாலும் கறுத்துத் தெரியும், புழுப்பையின் உள்ளே நீர் இருப்பதால் அது வெளுத்துத் தெரியும். ஓரப்புள்ளி புழுவின் தலை. அதை உறுதியாகக் காண முடிந்தால் வாதம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

சீழ்க்கட்டியும் மெல்லிய, சீரான வளையமாகவே ஒளிரும். அங்கே கான்ட்ராஸ்ட் படத்தை விட டிஃப்யூஷன் படமே தீர்ப்பளிக்கிறது: கெட்டியான சீழில் நீர் எளிதில் நகர இயலாததால் வளையத்தின் நடுப்பகுதி டிஃப்யூஷனில் வெண்மையாகவும், அந்த நகர்வை அளந்து காட்டும் ஏ.டி.சி. வரைபடத்தில் கருமையாகவும் இருக்கும். தீவிர மூளைப் புற்றான கிளையோபிளாஸ்டோமாவின் வளையம் தடித்து, உள்விளிம்பு கரடுமுரடாக இருக்கும். நடுவில் பொதுவாக அத்தகைய தடை இருக்காது. நரம்பிழைகளின் உறையான மயலின் சிதைவில் வளையம் முழுமையடையாமல், மூளையின் மேற்பரப்பான புறணியை நோக்கிய பக்கம் திறந்து, குதிரை லாடம்போல் நிற்கும்.

‘ரிங் என்ஹான்சிங் லீஷன்’, அதாவது வளையமாக ஒளிரும் பாதிப்பு, என்று மட்டும் எழுதி முடிக்கும் அறிக்கை, மருத்துவர் கேட்ட கேள்விக்குப் பதிலே தருவதில்லை என்பது என் கருத்து. நம் இளைஞரின் அறிக்கை ஏறக்குறைய இப்படி அமைய வேண்டும்: ‘வலது மேற்பக்க மடலில், சாம்பல்–வெண்பகுதி எல்லையில், 9 மி.மீ. அளவுள்ள ஒற்றை வளைய ஒளிர்வு, சுவர் மெல்லியது, சீரானது, ஓரத்தில் புள்ளி, டிஃப்யூஷன் தடை இல்லை, சுற்றிலும் மிதமான வீக்கம், நடுக்கோட்டு விலகல் இல்லை, வேறு ஒளிர்வு இல்லை.’ இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு மாற்று நோயைப் பின்னுக்குத் தள்ளுகின்றன.

ஒளிராமை நோயின்மை ஆகாது. மெல்ல வளரும் மூளைக்கட்டிகளான தாழ்நிலைக் கிளையோமாக்களில் பல ஒளிர்வதில்லை. ஸ்டீராய்டு கொடுத்தால் தடுப்பு ஓரளவு மூடிக்கொள்வதால் ஒளிர்வு மங்கும். நிணநீர் அணுக்களின் புற்றான லிம்போமாவில் ஸ்டீராய்டு கட்டியின் அணுக்களையே அழித்துவிடுவதால், அந்த ஐயம் இருக்கும்போது திசுப் பரிசோதனைக்கு முன் ஸ்டீராய்டை, நோயாளியின் நிலை அனுமதிக்கும் வரையில், தள்ளிவைப்பார்கள். மருந்தின் பக்கமும் கணக்கில் வரவேண்டும். சிறுநீரகம் பெரிதும் செயலிழந்தவர்களுக்குப் உலோகத்தைத் திறந்த சங்கிலி போன்ற மூலக்கூறால் பிடித்திருக்கும் பழைய நேர்கோட்டு வகை மருந்துகள் சிலவற்றால் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் நோய் ஏற்பட்டது. மீண்டும் மீண்டும் அவற்றை ஏற்றியவர்களின் மூளையில் காடோலினியம் தங்குவதும் தெரியவந்தபின், ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறையாளர்கள் 2017இல் மூளைப் படத்துக்கான நேர்கோட்டு மருந்துகளின் பயன்பாட்டை நிறுத்திவைத்தனர். தற்போது விரும்பப்படும் வளைய வகை மருந்துகள் உலோகத்தை இறுகப் பிடித்து வைத்திருப்பவை. கர்ப்பிணிகளுக்கு இன்றியமையாத தேவை இருந்தாலன்றி இது ஏற்றப்படுவதில்லை.

நம் இளைஞருக்குச் சில மாதங்கள் கழித்து எடுக்கும் அடுத்த ஸ்கேனில் மீண்டும் மருந்து வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பேன். வளையம் சுருங்கியதா, மறைந்ததா, வளர்ந்ததா என்பதே அப்போதைய கேள்வி. அது மறைந்து வெறும் சுண்ணப் புள்ளியாக எஞ்சியிருந்தால், அதற்குப் பிந்தைய ஸ்கேன்களுக்கு மருந்து எழுத வேண்டியதில்லை.